ஜனவரி எந்தக் காலாண்டு?

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை முதல் காலாண்டு; நாட்காட்டியில் முதலாவதான ஜனவரி–மார்ச், இங்கே நான்காவது. மூன்று மாதப் பிரிவுகள் இரண்டிலும் ஒன்றேதான். எண் மட்டும் தள்ளிப்போகிறது.

எண்ணைவிட ஆண்டுதான் அதிகம் குழப்பும். நிறுவனங்கள் பெரும்பாலும் நிதியாண்டை அது முடியும் ஆண்டின் பெயரால் குறிக்கின்றன: 2024-25 என்றால் FY25. ஆகவே 2024 ஆகஸ்டில் நடந்த விற்பனை Q2 FY25 கணக்கில் ஏறும். நாட்காட்டிப்படி அது 2024-இன் மூன்றாம் காலாண்டு. 2025 பிப்ரவரி விற்பனைக்கோ ஆண்டு பொருந்திவிடும், எண் மட்டும் நான்காகும்.

நிறுவனங்களை ஒப்பிடும்போது இது காலை வாரிவிடும். இன்ஃபோசிஸ் ஏப்ரல் கணக்கு வைத்திருக்கிறது, காக்னிசன்ட் ஜனவரி கணக்கு. முன்னதன் Q1 FY25-ஐயும் பின்னதன் Q1 2025-ஐயும் அருகருகே வைத்தால், ஒன்பது மாத இடைவெளியுள்ள இரண்டு காலங்களை ஒப்பிட்டதாகிவிடும். சரியான ஜோடி Q4 FY25. சந்தேகம் வந்தால், அறிக்கையில் ‘மார்ச் 31, 2025 அன்று முடிந்த காலாண்டு’ என்பதுபோல் இருக்கும் வரியைப் பார்ப்பதே பாதுகாப்பு. ஏப்ரலில் தொடங்கும் ஜப்பானிய அரசின் நிதியாண்டுக்கோ தொடங்கும் ஆண்டின் பெயர்தான். நம் FY25 அங்கே 2024.