ஐன்ஸ்டைனின் புதன்: மூன்று துண்டுகள், ஒரே வாக்கியம்

ஜெர்மனியின் உல்ம் நகரப் பிறப்புப் பதிவேட்டில், 1879 மார்ச் 14 அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்ததாக எழுதியிருக்கிறது. குழந்தையின் பெயர் ஆல்பர்ட். பின்னாளில் உலகம் அறிந்த ஐன்ஸ்டைன். பிறந்த நேரம் பதிவேட்டிலேயே இருப்பதால், மேற்கத்திய ஜோதிடம் படிப்பவர்களுக்கு இந்த ஜாதகம் நல்ல பயிற்சிக் களம்.

அந்த ஜாதகத்தில் புதன் மேஷ ராசியில், மூன்றாவது பாகையைத் தாண்டி, பத்தாம் வீட்டில் இருக்கிறது. புதிதாகக் கற்பவர் இதைப் படிக்க உட்கார்ந்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். புத்தகத்தில் புதனுக்கு ஒரு பக்கம், மேஷத்துக்கு ஒரு பக்கம், பத்தாம் வீட்டுக்கு ஒரு பக்கம் புரட்டுவார். கடைசியில், ‘புத்திசாலி, பேச்சுத் திறன் உள்ளவர், அவசரக்காரர், துணிச்சல்காரர், தொழிலில் உயர்வார்’ என்று ஒரு பட்டியல் கையில் மிஞ்சும். ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்ததுதான். ஆனால் புத்திக்கும் அவசரத்துக்கும் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. தொடர்பைச் சொல்வதுதான் ஜாதகம் படிப்பதன் வேலை.

உள்ளே போகும் முன் தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஜாதகம் நிராயன முறையில், நட்சத்திர மண்டலத்தை அடிப்படையாக வைத்துக் கணிக்கப்படுவது. மேற்கத்திய முறை சாயனம். வசந்தகாலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து அது மேஷத்தைத் தொடங்குகிறது. 1879-இல் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 22 பாகை. அதனால் இதே புதன் நம் ஊர்க் கட்டத்தில் மீனத்தில் விழும். மீனத்தில் புதன் நீசம் என்று நம் ஜோதிடர் சொல்வார். அந்தக் கணக்கு அந்த முறைக்குள் செல்லும். அதைக் கொண்டுவந்து சாயன மேஷப் புதனோடு சேர்த்தால் இரண்டு முறையும் குழம்பும். இன்னொன்று, நாம் ‘மேஷ வீடு’ என்று ராசியையே வீடு என்றும் சொல்வோம். இந்தக் கட்டுரையில் வீடு என்பது லக்னத்திலிருந்து எண்ணும் பன்னிரண்டு பிரிவுகளை மட்டுமே குறிக்கும்.

மேற்கத்திய பாடங்களில் மூன்றுக்கும் மூன்று கேள்விகள் பிரித்துக் கொடுக்கப்படும். கிரகம் ‘என்ன செய்கிறது?’ என்பதற்குப் பதில். ராசி ‘எப்படிச் செய்கிறது?’ என்பதற்குப் பதில். வீடு ‘வாழ்க்கையின் எந்தப் பகுதியில்?’ என்பதற்குப் பதில். தமிழ் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால், வீடு இடத்தைத் தரும், ராசி வினையடையைத் தரும், கிரகம் வினையைத் தரும். இடம், விதம், வினை என்று அடுக்கினால் வாக்கியம் தானாக முடியும்.

முதலில் வினை. புதனின் பொறுப்பில் சிந்திப்பது, கற்பது, கணக்கிடுவது, பேசுவது, எழுதுவது, பேரம் பேசுவது எல்லாம் உண்டு. அத்தனையையும் வாக்கியத்துக்குள் திணிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செயலைப் பிடிக்க வேண்டும். ‘யோசித்ததை வெளியே சொல்வது’ என்று எடுத்தால் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். இங்கே ‘புத்திசாலி’ என்று எழுதுவது தவறு. புதன் இல்லாத ஜாதகமே கிடையாது. எல்லாருக்கும் இருக்கும் ஒன்றை ஒருவருக்கு மட்டும் பாராட்டாகச் சூட்ட முடியாது.

அடுத்து விதம். மேஷத்துக்கு மனப்பாடமாக ஒரு குணப் பட்டியல் தேவையில்லை. நமக்கும் பழக்கமான மூன்று செய்திகளிலிருந்தே அதை வரவழைக்கலாம். மேஷம் நெருப்பு ராசி. தூண்டுதல் உள்ளிருந்து வரும், சூடு உண்டு. அது சர ராசி, தொடங்கிவைக்கும் இயல்பு. அதன் அதிபதி செவ்வாய். எதிர்ப்பைக் கண்டு ஒதுங்காது. மூன்றையும் சேர்த்தால் ‘யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் முந்திக்கொண்டு’ என்ற வினையடை கிடைக்கிறது. ‘கோபக்காரர்’ என்ற சொல் இங்கே ஏன் வரவில்லை? அது ஆளைப் பற்றிய முடிவு. ராசிக்கு அந்த வேலை இல்லை. புதனின் செயல் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் அது சொல்ல வேண்டும்.

கடைசியாக இடம். பத்தாம் வீடு தொழில், பதவி, ஊரறிய ஒருவருக்கு இருக்கும் பெயர், மேலதிகாரிகளோடு உள்ள உறவு ஆகியவற்றைக் குறிக்கும். ‘தொழிலிலும் ஊரறிந்த வாழ்விலும்’ என்று சுருக்கலாம். ‘உயர்வார்’ என்று மட்டும் எழுத முடியாது. வீடு களத்தைக் காட்டும். அங்கே வெற்றியா தோல்வியா என்று அது தனியாகச் சொல்வதில்லை.

மூன்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது: ‘தொழிலிலும் ஊரறிந்த வாழ்விலும், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல், தான் யோசித்ததை முந்திக்கொண்டு சொல்பவர்.’

இந்த வாக்கியம் சரியாகக் கட்டப்பட்டதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். புதனை அதே பத்தாம் வீட்டில் வைத்து, மேஷத்துக்குப் பதில் கடகத்தைப் போட்டால், ‘தொழிலில், எதிரே இருப்பவரின் மனநிலையை அறிந்து, பழைய அனுபவத்தை நினைவில் வைத்துப் பேசுபவர்’ என்று மாறுகிறது. மேஷத்தை அப்படியே விட்டு வீட்டை மட்டும் நான்காம் வீடாக்கினால், ‘குடும்பத்துக்குள், பிறர் வாய்திறக்கும் முன் மனதில் பட்டதைச் சொல்லிவிடுபவர்’ என்றாகும். புதனை எடுத்துவிட்டுச் சந்திரனை வைத்தால், சொல்வது போய் உணர்வது வரும்: ‘ஊரறிந்த வாழ்வில், தன் மன உணர்வைத் தடுத்துவைக்காமல் உடனே காட்டிவிடுபவர்.’ ஒரு துண்டை மாற்றியும் வாக்கியம் அசையவில்லை என்றால், அந்தத் துண்டு முதலிலிருந்தே வாக்கியத்துக்குள் வரவில்லை என்று பொருள்.

கற்பவர்கள் இங்கே அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய ஜோதிடத்தில் முதல் ராசி, முதல் வீடு, அதன் கிரகம் ஆகியவற்றை ஒரே எழுத்தாகப் பாவிக்கும் பழக்கம் பரவியது. அதன்படி மேஷம், முதல் வீடு, செவ்வாய் மூன்றும் ஒன்று. மகரம், பத்தாம் வீடு, சனி மூன்றும் ஒன்று. இதை நம்பிப் பத்தாம் வீட்டுக்கு மகரத்தின் குணத்தை ஏற்றினால், ஐன்ஸ்டைனின் புதன் ‘அவசரமாக, ஆனால் நிதானமாக’ப் பேசத் தொடங்கிவிடும். விதம் சொல்லும் உரிமை ராசிக்கு மட்டும்தான் என்று பிடித்துக்கொண்டால் இந்த முரண்பாடு எழாது.

ஆனால் ஐன்ஸ்டைனின் ஜாதகத்தில் நிதானத்துக்கு உண்மையான காரணமே ஒன்று இருக்கிறது. அது சனி. மேஷத்தில் புதனுக்குச் சுமார் ஒரு பாகை தள்ளிச் சனி நிற்கிறது. இவ்வளவு நெருங்கிய சேர்க்கையை விட்டுவிட முடியாது. முதல் வாக்கியத்தில் கரைத்துவிடவும் கூடாது. வாக்கியத்தை எழுதி முடித்த பிறகு ஒரு தொடரை மட்டும் சேர்க்க வேண்டும்: ‘ஆனால் சொல்வதற்கு முன் அதைத் தன்னளவில் கடுமையாகச் சோதித்துப் பார்ப்பவர், அதற்கான அங்கீகாரம் தாமதமாக வரும்.’ எது புதனிடமிருந்து வந்தது, எது சனியிடமிருந்து வந்தது என்பது இப்போது தனித்தனியே தெரிகிறது. பின்னால் ஏதாவது தவறாகப்பட்டால் எந்த இடத்தைத் திருத்துவது என்பதும் தெரியும்.

வாக்கியத்தின் மூன்று துண்டுகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. புதனின் ராசி சில மணி நேரத்தில் பெரும்பாலும் மாறாது. லக்னமோ சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அதோடு வீடுகளும் நகரும். 1879-இல் ஜெர்மனிக்கு ஒரே நேரம் கிடையாது, அது 1893-இல்தான் வந்தது. பதிவேட்டின் பதினொன்றரை உல்மின் உள்ளூர் நேரம். அதை இன்றைய ஜெர்மன் நேரமாகக் கொடுத்தால் கணக்கு இருபது நிமிடம் பிசகும். பிறந்த நேரமே தெரியாதவருக்கு வீட்டை ஊகிக்க வேண்டாம். விதமும் வினையும் மட்டும் உள்ள வாக்கியத்தோடு நிறுத்த வேண்டும்.

நேரம் சரியாக இருந்தாலும், வீடு பிரிக்கும் முறைக்கு முறை விடை மாறலாம். ஐன்ஸ்டைனின் புதன் இந்த வகையில் சிக்கலில்லாதது. இன்று பரவலாக உள்ள பிளாசிடஸ் முறையிலும், லக்ன ராசி முழுவதையும் முதல் வீடாகக் கொள்ளும் பழைய முறையிலும் அது பத்தாம் வீட்டில்தான் இருக்கிறது. கும்பத்தின் கடைசிப் பகுதியில் உள்ள அவருடைய குரு அப்படியில்லை. பிளாசிடஸில் அது ஒன்பதாம் வீடு: ‘உயர்கல்வியிலும் தொலைதூர நாடுகளிலும், வழக்கத்துக்கு மாறான பார்வையால், எல்லைகளை விரிப்பவர்.’ ராசிமுறையில் லக்னம் கடகம் என்பதால் கும்பம் எட்டாம் வீடாகிவிடும். உடனே களம் மரணம், மறைபொருள், பிறர் சொத்து என்று ஆகிறது. கையில் உள்ள வாழ்க்கைக்குப் பொருந்துகிறதே என்று ஒன்பதைத் தேர்ந்தெடுப்பது படிப்பு ஆகாது. முறையை முதலில் முடிவு செய்துகொண்டு, வாக்கியத்தைப் பிறகு எழுத வேண்டும்.

அதே எச்சரிக்கை புதனுக்கும் உண்டு. 1905-இல் ஐன்ஸ்டைனுக்கு வயது 26. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய சிறப்புச் சார்பியல் கட்டுரையில் முந்தைய ஆய்வுகளின் மேற்கோள் பட்டியலே கிடையாது. முடிவில் நண்பர் மிஷேல் பெஸ்ஸோவுக்கு ஒரு நன்றி மட்டும் இருக்கிறது. நோபல் பரிசு பல ஆண்டுகள் கழித்தே வந்தது. நாம் எழுதிய வாக்கியம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் விடை தெரிந்த பிறகு எழுதிய வாக்கியம் பொருந்துவதில் வியப்பில்லை. இதே புதன் ஒரு பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் பொருந்தும். இயற்பியல் என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை.

ஷான் கார்ல்சன் என்ற இயற்பியலாளர் 1985-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஜோதிடர்களிடம் ஒரு ஜாதகத்தையும் மூன்று பேரின் உளவியல் குணக்குறிப்புகளையும் கொடுத்து, ஜாதகத்துக்கு உரியவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான் சரியாக வந்தது. கண்ணை மூடி எடுத்தாலும் அவ்வளவு கிடைக்கும். ஜாதகம் படிப்பவர் தன் வாக்கியத்தை இதே வழியில் வீட்டிலேயே சோதிக்கலாம். அறிமுகமில்லாத மூவரின் புதனுக்கு மூன்று வாக்கியங்களை எழுதி, பெயரை மறைத்து, அவர்களை நன்கு அறிந்த ஒருவரிடம் கொடுத்து யாருக்கு எது என்று பிரிக்கச் சொல்ல வேண்டும். பட்டியலாக எழுதியிருந்தால் மூன்றும் எல்லாருக்கும் பொருந்திவிடும், சோதனையே நடக்காது. இடமும் விதமும் வினையும் தெளிவாக உள்ள வாக்கியத்தைப் பார்த்துத்தான், ‘இது அவர் இல்லை’ என்று ஒருவரால் சொல்ல முடியும்.