மேல்முறையீடு முடியும் வரை வெளியே இருக்க முடியுமா?

அடிதடி வழக்கொன்றில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒருவருக்கு 2 ஆண்டு சிறை விதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரணை முழுவதும் அவர் ஜாமீனில் இருந்தவர். தண்டனை 3 ஆண்டுக்கு மேல் இல்லாததால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அதே நீதிமன்றத்திலேயே ஜாமீன் கேட்கலாம். மறுக்கச் சிறப்புக் காரணம் இல்லையென்றால், மேல்முறையீடு செய்யத் தேவையான காலத்துக்கு விடுவிப்பார்கள்.

அடுத்து, 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடும், அதனுடன் தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் தாக்கலாக வேண்டும். பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 430-வது பிரிவு இதற்கு வழிசெய்கிறது.

மனுவில் “நான் நிரபராதி” என்பது மட்டும் போதாது. எந்தச் சாட்சி முரண்பட்டார், மருத்துவச் சான்று எங்கே ஒத்துப்போகவில்லை என்று தீர்ப்பின் பத்தியைக் காட்ட வேண்டும். மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் தண்டனைக் காலமே முடிந்துவிடும் என்பது வலுவான காரணம். குறுகிய கால தண்டனைகளில் தாராளமாக அணுகும்படி உச்ச நீதிமன்றம் 1999-இல் பகவான் ராமா ஷிண்டே கோசாய் வழக்கில் கூறியது. ஆயுள் தண்டனையில் அளவுகோல் கடுமையானது. அரசு வழக்கறிஞருக்கும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும்.

மனு ஏற்கப்பட்டாலும் நிற்பது தண்டனை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். அரசு வேலையோ பதவியோ பறிபோகும் நிலையில், தீர்ப்பையே நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும்.