அரியலூரின் பட்டை எவ்வளவு உயரம்?

ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் மே மாதத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, நாளிதழ்களில் மாவட்டவாரியான தேர்ச்சி விகிதம் பட்டை விளக்கப்படமாக அச்சாகிறது. 2023-இல் 97.67 விழுக்காட்டுடன் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2024-இல் அந்த இடம் 97.31 விழுக்காட்டுடன் பக்கத்து மாவட்டமான அரியலூருக்குப் போனது. அந்த ஆண்டில் அடுத்த இரண்டு இடங்களில் சிவகங்கை 97.02, இராமநாதபுரம் 96.36 என்று வந்தன. இந்த மூன்று எண்களை வைத்தே ஒரு பட்டைப் படத்தை எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

வரைபடத்தாளில் செங்குத்து அச்சை 96-இல் தொடங்கி, ஒரு விழுக்காட்டுக்கு 5 செ.மீ. என்று அளவுத்திட்டம் வைத்துக்கொண்டால், அரியலூரின் பட்டை 6.55 செ.மீ. உயரம் வரும். சிவகங்கை 5.1 செ.மீ., இராமநாதபுரம் வெறும் 1.8 செ.மீ. முதல் பட்டை மூன்றாவதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்கும். படத்தை ஓடுகிற பார்வையில் பார்ப்பவர், இராமநாதபுரத்து மாணவர்கள் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள் என்றே எண்ணுவார்.

அதே எண்களை, அச்சைப் பூச்சியத்தில் தொடங்கி, 100 விழுக்காட்டுக்கு 10 செ.மீ. என்று வரைந்தால் பட்டைகள் 9.73, 9.70, 9.64 செ.மீ. உயரம் பெறும். முதல் பட்டைக்கும் மூன்றாவது பட்டைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பென்சில் கோட்டின் தடிமனிலேயே அது மறைந்துவிடும்.

இரண்டு படங்களிலும் எண்கள் சரியாகத்தான் உள்ளன. ஆனாலும் முதல் படம் தவறான எண்ணத்தைத் தருகிறது. பட்டைப் படத்தில் கண் ஒப்பிடுவது நீளத்தை. நீளத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டால், மீதியுள்ள நீளங்களின் விகிதத்துக்கும் எண்களின் விகிதத்துக்கும் தொடர்பு அற்றுப்போகிறது. பள்ளியில் இப்படி வெட்டும்போது அச்சின் அடியில் ஒரு நெளிவுக் கோடு போடச் சொல்லித்தருவார்கள். நாளிதழ் படங்களில் பல நேரம் அந்த நெளிவு இருப்பதில்லை. சிலவற்றில் அச்சு எண்களே இருப்பதில்லை. அப்போது சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அளவுகோலை எடுத்து இரண்டு பட்டைகளின் உயரத்தை அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். பட்டைகளின் மேல் எழுதியுள்ள எண்களையும் அப்படியே வகுக்க வேண்டும். விடைகள் ஒத்துவராவிட்டால் அச்சு வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பூச்சியத்தில் தொடங்கினால் எல்லா மாவட்டமும் ஒரே உயரமாகத் தெரிகிறதே, அப்படிப்பட்ட படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு விடை, படத்தில் வேறோர் எண்ணை வரைவதில் இருக்கிறது. தேர்ச்சி பெறாதோரின் விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் அரியலூர் 2.69, சிவகங்கை 2.98, இராமநாதபுரம் 3.64. அந்த ஆண்டு மாநில அளவில் தேர்ச்சி 91.55 விழுக்காடு, ஆகவே தேர்ச்சி பெறாதோர் 8.45 விழுக்காடு. இந்த நான்கையும் பூச்சியத்திலிருந்து வரைந்தால், மூன்று சிறு பட்டைகளும் அவற்றின் அருகே இரண்டு முதல் மூன்று மடங்குக்கும் மேல் உயரமான மாநிலப் பட்டையும் தெரியும். முதல் மூன்று இடங்களுக்குள் நடக்கும் போட்டி சிறியது, அவற்றுக்கும் மாநிலச் சராசரிக்கும் உள்ள இடைவெளி பெரியது என்ற உண்மையான செய்தி அப்போதுதான் கண்ணில் படுகிறது.

கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது. அங்கே கண் பார்ப்பது நீளத்தை விடவும் ஏற்ற இறக்கத்தை. அச்சு பூச்சியத்தில் தொடங்காவிட்டாலும், எண்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் போதும். கோட்டில் கவனிக்க வேண்டிய சிக்கல் வேறு: கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பொருள்தான் அளக்கப்பட்டதா என்பது.

இதற்குப் பெரம்பலூரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 தொடக்கத்தில் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி பிரிந்தது. ஆகவே ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்ற ஒரே பெயர், எந்த ஆண்டைப் பற்றிய பேச்சு என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகளைக் குறிக்கிறது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்றைய பெரம்பலூர்ப் பகுதியில் 4,93,646 பேரும், அரியலூர்ப் பகுதியில் 6,95,524 பேரும் இருந்தனர். 2011-இல் அவை முறையே 5,65,223, 7,54,894 ஆயின. இப்போது ஒருவர் 2004-இல் வெளியான ஏதாவதொரு கையேட்டைப் புரட்டி, ஒருங்கிணைந்த மாவட்டத்தின் 2001 மக்கள்தொகையான 11,89,170-ஐ எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2011 அறிக்கையில் பெரம்பலூர் என்ற தலைப்பில் 5,65,223 என்று இருக்கிறது. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால், பத்தாண்டில் பெரம்பலூர் தன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்ததாகப் படம் சொல்லும். உண்மையில் அந்தப் பகுதியின் மக்கள்தொகை 14.5 விழுக்காடு கூடியிருக்கிறது.

இத்தகைய போலிச் சரிவைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. திடீரென்று பாதியாகக் குறையும் அளவுக்குப் பஞ்சமோ வெள்ளமோ அந்த ஆண்டுகளில் நிகழ்ந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் எல்லையின் மேல் விழ வேண்டும். பிரிந்த இரண்டு பகுதிகளையும் கூட்டிப் பார்த்தால் 2011-இல் 13,20,117 வருகிறது. 11,89,170 என்ற புள்ளியிலிருந்து அங்கே வரைந்த கோடு சீராக, ஏறத்தாழ 11 விழுக்காடு, உயர்கிறது. சரிவு மறைந்துவிட்டது என்றால் அது எல்லை மாற்றத்தால் வந்த சரிவுதான். 2011-இல் 32 ஆக இருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள் இன்று 38. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்ததைப் போன்ற ஒவ்வொரு பிரிவினையிலும், நெல் விளைச்சல் முதல் வாகனப் பதிவு வரை எல்லாக் கோடுகளிலும் இந்தப் பள்ளம் விழக்கூடும். நல்ல வரைபடம், எல்லை மாறிய ஆண்டில் கோட்டை அறுத்துவிட்டு அடியில் ஒரு குறிப்புச் சேர்க்கும்.

கோட்டைப் பற்றி இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 2001-க்கும் 2011-க்கும் இடையே ஆள் ஆளாக யாரும் எண்ணவில்லை. புள்ளிகள் இரண்டுமே கணக்கெடுக்கப்பட்டவை; நடுவே உள்ள கோடு வரைந்தவரின் ஊகம். கொரோனாவால் 2021 கணக்கெடுப்பு நடக்காமல் போனதால், அந்த ஆண்டுக்கென்று ஒரு புள்ளி படத்தில் இருந்தால் அதுவும் மதிப்பீடே. மதிப்பீட்டைப் புள்ளிக்கோடாகப் பிரித்துக் காட்டாத படத்தை நம்பக் கூடாது.

மூன்றாவது வகைக் குழப்பம் அச்சிலும் இல்லை, எல்லையிலும் இல்லை. விகிதத்தின் உள்ளே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்கு அரியலூரில் 1,015 பெண்களும், பெரம்பலூரில் 1,003 பெண்களும் இருந்தனர். மாநில அளவில் 996. பட்டைப் படமாகப் போட்டால் இரண்டு மாவட்டங்களும் மாநிலத்தைத் தாண்டி நிற்கும். ‘பெண்கள் அதிகம் உள்ள மாவட்டங்கள்’ என்று தலைப்பும் கொடுத்துவிடலாம். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்தாலோ வரிசை தலைகீழாகிறது. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு மாநிலத்தில் 943 பெண் குழந்தைகள், பெரம்பலூரில் 913, அரியலூரில் 897.

முதல் விகிதத்தில் எல்லா வயதினரும் கலந்திருக்கிறார்கள். பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்வதால் முதியோரில் பெண்களின் பங்கு கூடும். வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் ஆண்கள் அங்கேயே எண்ணப்படுவதால் சொந்த மாவட்டத்தில் ஆண்களின் எண்ணிக்கை குறையும். இரண்டும் சேர்ந்து விகிதத்தை உயர்த்திவிடும். அந்த உயர்வின் நிழலில் குழந்தைகளிடையே உள்ள குறைவு மறைந்துபோகும். ஆகவே ஒரு விகிதத்தைப் படிக்கும்போது, எதை எதனால் வகுத்தார்கள், எந்த வயதினரை எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் பட்டையின் உயரத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

இந்த 897 எவ்வளவு குறைவு? ஆயிரத்துக்கு ஒப்பிட்டால் 103 குறைவு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன; நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் என்பதே எதிர்பார்க்கக்கூடிய அளவு. எனவே இந்தப் படத்தில் ஒப்பீட்டுக் கோடு 1,000-இல் இருக்கக் கூடாது, 950-இல் இருக்க வேண்டும். அரியலூரில் 2011-இல் 42,259 ஆண் குழந்தைகளும் 37,928 பெண் குழந்தைகளும் கணக்கில் வந்தனர். 42,259-க்கு 950 வீதம் கணக்கிட்டால் சுமார் 40,150 பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 2,200 பேரைக் காணவில்லை. பெரம்பலூரிலும் இதே கணக்கு சுமார் 1,100 என்று முடிகிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994-இலேயே வந்தது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளைப் பற்றிய எண்கள் இவை.

இந்தச் செய்தியை வட்ட விளக்கப்படமாக வரைந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. அரியலூர்க் குழந்தைகளில் பெண்கள் 47.3 விழுக்காடு, மையக் கோணம் சுமார் 170 பாகை. எதிர்பார்க்கக்கூடிய விகிதத்துக்கு 48.7 விழுக்காடு; கோணம் சுமார் 175 பாகை. ஐந்து பாகை வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. இரண்டு வட்டமும் சரிபாதியாகப் பிரிந்தவை போலவே தெரியும்.

அதற்குப் பதிலாக, 880 முதல் 960 வரை எண்கள் எழுதிய ஒரு கிடைமட்ட அச்சில் 950-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, மாநிலத்துக்கும் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு புள்ளி வைக்கலாம். புள்ளிப் படத்தில் கண் பார்ப்பது இடத்தையே ஆதலால் அச்சைப் பூச்சியத்தில் தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாநிலத்தின் புள்ளி கோட்டை ஒட்டி இருக்கும். பெரம்பலூரின் புள்ளி 37 அளவு தள்ளியும், அரியலூரின் புள்ளி 53 அளவு தள்ளியும் இருக்கும். புள்ளிகளின் அருகே குழந்தைகளின் எண்ணிக்கையையும், தலைப்பில் ‘0–6 வயது, 2011 கணக்கெடுப்பு’ என்பதையும் எழுதிவிட்டால் படம் முழுமை பெறும்.