மாசத்துக்கு எவ்வளவுங்க?

காங்கயத்தில் எண்ணெய் ஆட்டி விற்கும் என் மைத்துனர் ஒருநாள் வாடகை வண்டிக்காரருக்கு போன் போட்டு, "மாசக் காண்ட்ராக்ட் பேசிக்கலாமுங்களா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அந்தப் பக்கமிருந்து ஒரு நொடி கூட யோசிக்காமல் பதில் வந்தது: "75,000 கொடுத்துருங்க." நடைக்கு இவ்வளவு என்று அதுவரை கொடுத்து வந்ததே மாதம் 70,000 சொச்சம்தான். மொத்தமாகப் பேசினால் குறைய வேண்டியது, ஏறிவிட்டது.

வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது. எந்த ஊர், எத்தனை நாள், எத்தனை கடை என்று எதுவும் தெரியாமல் ஒரு தொகை சொல்லச் சொன்னால், யாராக இருந்தாலும் தன் பயத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். தினமும் கோயமுத்தூர் போகச் சொல்வார்களோ, கடை வாசலில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைப்பார்களோ, பணம் இரண்டு மாதம் கழித்து வருமோ என்கிற பயங்கள் அவை. அந்த 75,000 ரூபாயில் பாதிக் கனம் அந்தப் பயத்துக்குத்தான்.

அடுத்த மாதம் மைத்துனர் ஒரு நோட்டு வாங்கினார். வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர், எத்தனை டின், எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றது என்று 26 நாளும் எழுதினார். கணக்கு இப்படி வந்தது. திருப்பூருக்கு 9 நடை, கடைகள் சுற்றித் திரும்ப 70 கிலோமீட்டர். ஈரோட்டுக்கு 9 நடை, 110 கிலோமீட்டர். கோயமுத்தூருக்கு 8 நடை, 170 கிலோமீட்டர். மொத்தம் 2,980. சுமை எந்த நாளும் 650 கிலோவைத் தாண்டவில்லை. குட்டி யானை ஒன்று போதும்.

இனி வண்டிக்காரர் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். ஊருக்கு ஊர் தொகை மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. சுமையோடு ஊருக்குள் நின்று நின்று போனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 200 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 18,600. டயர், ஆயில், சர்வீஸ் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 4,500. இந்த இரண்டும் வண்டி ஓடினால்தான் ஆகும் செலவு. டிரைவர் சம்பளம் 18,000, வண்டித் தவணை 11,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எல்லாம் மாதத்துக்குப் பிரித்தால் 2,500. இந்த மூன்றும் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவு. கூட்டினால் 54,600.

மாதக் காண்ட்ராக்ட் ஏன் மலிகிறது என்பது இங்கேதான் இருக்கிறது. நடை கிடைக்காத நாளிலும் அவருக்கு 31,500 ரூபாய் செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நடையின் வாடகையிலும் ஸ்டாண்டில் சும்மா நின்ற நாட்களின் செலவைச் சேர்த்துத்தான் வாங்குவார். அந்தச் சும்மா நாள் இல்லை என்று நீங்கள் உறுதி தரும்போது அந்தப் பங்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. 54,600-க்குக் கீழே இழுத்தால் மட்டும் ஜாக்கிரதை. சம்மதித்துவிட்டுச் சர்வீஸ் விடாமல் ஓட்டுவார், இல்லாவிட்டால் கல்யாண சீசனில் நல்ல வாடகை வந்த அன்று உங்கள் போனை எடுக்க மாட்டார்.

மைத்துனர் இந்த முறை கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். மூன்று தடம், கிழமைகள், காலை 7 மணிக்கு லோடு ஏற்றுவது, கடைக்குச் சராசரி 20 நிமிடம், ஏற்றுகூலி இறக்குகூலி எங்களுடையது, டோல் ரசீதுப்படி தனி, பணம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி. கடைசியாக ஒரு வரி: "திருப்பூர் நாட்களில் மதியம் ஒரு மணிக்கு மேல் வண்டி உங்களுடையது. கோயமுத்தூரிலிருந்து ரிட்டர்ன் லோடும் நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம். மீன், உரம், கெமிக்கல் மட்டும் வேண்டாம்."

பேரத்தை முடித்து வைத்தது அந்தக் கடைசி வரிதான். மாதக் காண்ட்ராக்ட் என்றால் வண்டி முழுக்க நமக்கே என்று பலர் கட்டிப்போடுகிறார்கள். மதியத்துக்கு மேல் அது நம் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும், அதற்கும் சேர்த்து நாம்தான் கொடுப்போம். கடிதத்தைப் படித்தவர் 64,000 என்று ஆரம்பித்து 59,500-க்கு இறங்கினார். எண்ணெய் டின் ஏற்றும் வண்டியில் முதல்நாள் கருவாடு போயிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும், அதனால் அந்த நிபந்தனைக்கு மறுப்புச் சொல்லவில்லை.

தொகை முடிந்த பிறகு மூன்று இடங்களில் தகராறு வரும். முதலாவது டீசல். விலை நாலு ரூபாய் ஏறினால் "வாடகையில பத்து பர்சென்ட் போட்டுக் குடுங்க" என்று கேட்பார்கள். நம் கணக்கில் 200 லிட்டர். ஒரு ரூபாய் ஏறினால் 200 ரூபாய், நாலு ரூபாய்க்கு 800. பத்து பர்சென்ட் என்றால் கிட்டத்தட்ட 6,000. ஆகவே 93 ரூபாயை அடிப்படை விலையாக எழுதி, இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் ரூபாய்க்கு 200 வீதம் கூட்டுவது, கழிப்பது என்று முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதிகப்படி கிலோமீட்டர். மாதம் 3,000-க்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்பார். தவணையும் சம்பளமும்தான் ஏற்கெனவே 59,500-க்குள் அடங்கிவிட்டனவே, கூடுதலாக ஓடுவதற்கு டீசலும் தேய்மானமும் சேர்ந்து எட்டு ரூபாய்க்குள்தான். பத்து ரூபாய் கொடுத்தால் அவருக்கும் மிஞ்சும். இதையே திருப்பிப் போட்டால், தீபாவளிக்கு நாம் நாலு நாள் வண்டி வேண்டாம் என்றால் முழு நாள் வாடகையைப் பிடிக்கக் கூடாது. ஓடாததால் அவருக்கு மிச்சமானது நாளுக்குச் சுமார் 890 ரூபாய், அதைத்தான் கழிக்கலாம்.

மூன்றாவது, வண்டி மக்கர் செய்யும் நாள். எத்தனை மணிக்குள் மாற்று வண்டி, வராவிட்டால் நாம் வெளியில் பிடிக்கும் வண்டியின் வாடகை யார் கணக்கு என்பதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி இன்சூரன்ஸ் பொதுவாக உள்ளே இருக்கும் சரக்குக்குப் பொறுப்பேற்காது என்பதையும் பலர் விபத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சரக்குக்குத் தனி பாலிசி வேண்டும்.

வரி விஷயத்தில் ஒன்று. ஒப்பந்தத்தில் 'வண்டி மாத வாடகை' என்று எழுதுவதா, 'சரக்குப் போக்குவரத்துக் கட்டணம்' என்று எழுதுவதா என்பதிலேயே ஜி.எஸ்.டி. மாறலாம், பில்டி போடும் கம்பெனியா, ஒற்றை வண்டி வைத்திருப்பவரா என்பதிலும் மாறும். கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள். பத்து வண்டி வரை வைத்திருப்பவர் பான் எண்ணோடு உறுதிமொழி தந்தால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை, அந்தத் தாளை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

இரண்டு பேரும் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டார்கள். முதல் மாதம் வண்டி 2,940 கிலோமீட்டர் ஓடியது. ஒருநாள் ஈரோட்டுப் பாதையில் கிளட்ச் போய், மாற்று வண்டி ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தது. 5-ஆம் தேதி காலையில் 59,500 ரூபாயும் டோல் ரசீதுக் காசும் வண்டிக்காரர் கணக்கில் ஏறிவிட்டது. நோட்டில் இப்போதும் மீட்டர் எழுதுகிறார்கள், கீழே டிரைவரும் கையெழுத்துப் போடுகிறார்.