அனுப்பிய பின் தெரிந்த பிழை: திருத்த மடல் எழுதும் முறை

வேலைக்கு விண்ணப்பித்து அனுப்பும் மின்னஞ்சல்களில் நேரும் பிழைகள் பெரும்பாலும் எழுத்துப் பிழைகள் அல்ல. பழைய மடலைப் பிரதி எடுத்துப் புதியவருக்கு அனுப்பும்போது ஏற்படுபவையே அதிகம். பெறுநர் முகவரி மாறுகிறது, பொருள் வரி மாறுகிறது, கடிதத்தின் தொடக்கமும் மாறுகிறது. கடைசிப் பத்தியில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிடுகிறது. இணைப்புகளிலும் இதே கதைதான். Resume.pdf, Resume_new.pdf, Resume_final.pdf என்று ஒரே கோப்புறையில் மூன்று கோப்புகள் கிடந்தால், அவசரத்தில் கை எதைத் தொடும் என்று சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பிழை, அனுப்பிய மடலை மறுபடி திறந்து பார்க்கும்போதுதான் கண்ணில் படும். அப்போது முதலில் எழும் எண்ணம் அதைத் திரும்ப இழுத்துவிட முடியுமா என்பது. பெரும்பாலும் முடியாது.

ஜிமெயிலில் அனுப்பியவுடன் திரையின் கீழ்ப்பகுதியில் Undo என்ற சொல் சில நொடிகள் தோன்றும். அதைத் தொட்டால் மடல் திரும்ப வருவதுபோலத் தெரியும். உண்மையில் அந்த மடல் அதுவரை கிளம்பவே இல்லை. ஜிமெயில் அதை அந்தச் சில நொடிகள் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் சென்றால் இந்தக் காத்திருப்பை 5, 10, 20, 30 நொடிகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பங்கள் அனுப்பும் காலத்தில் 30 நொடி என வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரம் கடந்துவிட்டால் மடல் பெறுநரின் சர்வருக்குப் போய்விடும். அதன்பின் அனுப்பியவருக்கு அதன்மேல் பிடி இல்லை.

அவுட்லுக்கில் Recall என்றொரு வசதி உண்டு. அது ஒரே நிறுவனத்துக்குள் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய மடல்களுக்கானது. வெளி நிறுவனத்தின் முகவரிக்குப் போன விண்ணப்பத்தை அதனால் அழிக்க இயலாது. ஆனாலும் அதை அழுத்தினால், மடலைத் திரும்பப் பெற விரும்புவதாக ஓர் அறிவிப்பு மட்டும் எதிர்முனைக்குப் போய்ச் சேரக்கூடும். பிழை அப்படியே இருக்க, அதன்மேல் கவனத்தை இழுத்த பலனே மிஞ்சும்.

சிறு நிறுவனங்கள் பலவற்றில் தன்விவரக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே அனுப்பியதை எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாளுக்கும் சற்று அதிகமான அவகாசம் உண்டு. ஆனால் அழிக்கப்பட்ட இடத்தில் ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற வரி நிற்கும். ஆகவே அங்கும் சரியான கோப்பை அனுப்பி, கீழே ஒரு வரி விளக்கம் எழுதினால்தான் காரியம் முடியும். எதுவும் எழுதாமல் அழித்துவிட்டு நகர்ந்தால், என்ன அழிந்தது என்ற கேள்விதான் எதிரில் இருப்பவருக்கு எழும்.

எல்லாப் பிழைக்கும் திருத்த மடல் தேவையா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. பெறுபவர் இந்தப் பிழையால் தவறான ஒன்றைச் செய்வாரா, அல்லது செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போவாரா என்று பார்க்க வேண்டும். இணைப்பு இல்லாமல் போனது, வேறு கோப்பு போனது, தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறியது, நேர்காணலுக்கு வரும் தேதி தவறியது ஆகிய எல்லாவற்றிலும் விடை ஆம் என்பதே. நிறுவனத்தின் பெயர் மாறியதும் இதில் சேரும். கடிதம் தங்களுக்கு எழுதப்பட்டதா, வேறு யாருக்கோ போக வேண்டியது வந்துவிட்டதா என்று படிப்பவர் ஐயப்படுவார். மாறாக, ஒரு சொல்லில் ஓர் எழுத்து பிசகியதற்கும் ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்கும் இன்னொரு மடல் அனுப்புவது, பெறுபவருக்குக் கூடுதல் வேலை கொடுப்பதுதான்.

ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். வணிகவியல் பட்டம் முடித்த ஒரு பெண் திங்கட்கிழமை மாலை ஒரு நூற்பாலைக்குக் கணக்கர் பணி கேட்டு விண்ணப்பிக்கிறார். மறுநாள் காலை 10.10 மணிக்கு அதே கடிதத்தைத் திருத்தி, பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறார். விண்ணப்பக் கடிதம் ஒரு பி.டி.எஃப்., தன்விவரக் குறிப்பு இன்னொன்று. 10.40-க்கு அனுப்பிய மடலைத் திறந்து பார்க்கும்போதுதான், விண்ணப்பக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் நூற்பாலையின் பெயர் இருப்பது தெரிகிறது. அவர் அனுப்ப வேண்டிய திருத்தம் இவ்வளவுதான்:

"வணக்கம் ஐயா,

திருத்தம்: இன்று காலை 10.10 மணிக்கு அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் தங்கள் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக வேறு பெயர் இடம்பெற்றுவிட்டது. என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்.

திருத்திய கடிதத்தை இணைத்திருக்கிறேன். முந்தைய கடிதத்தை விட்டுவிட்டு இதையே பரிசீலிக்க வேண்டுகிறேன். தன்விவரக் குறிப்பில் மாற்றம் இல்லை. வசதிக்காக அதையும் மீண்டும் இணைத்துள்ளேன்.

நன்றி."

இதில் மன்னிப்பு ஒரே வாக்கியம். மற்றவை எல்லாம் பெறுபவருக்கான தகவல்: எந்த மடல், அதில் எந்த இடம், என்ன தவறு, எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வுப் பிரிவில் இருப்பவர் அன்று பல விண்ணப்பங்களைத் திறப்பவர். இந்த ஐந்தும் தெரிந்தால் அவர் பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதை எடுத்து வைப்பார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு மடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேட வேண்டியிருக்கும்.

நூற்பாலையின் பெயரைத் திருத்த மடலில் மறுபடி எழுதவில்லை என்பதையும் கவனிக்கலாம். வேறு பெயர் என்று சொன்னாலே விஷயம் விளங்கிவிடும். எந்தெந்த இடங்களில் வேலை கேட்டிருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதேபோல், மின்சாரம் போனது, கணினி மெதுவாக இயங்கியது, தம்பி அவசரப்படுத்தினான் என்ற காரணங்களும் இல்லை. காரணம் நீளும்போது மன்னிப்பு மங்கி, சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. பலமுறை மன்னிப்புக் கேட்பதும் இப்படித்தான்; சின்னப் பிழையைப் பெரிதாக்கிக் காட்டும்.

இந்த மடலைப் புதிதாக எழுதி அனுப்பாமல், அனுப்பிய மடலைத் திறந்து அதற்கே பதிலாக எழுதுவது நல்லது. அப்போது பெறுபவரின் பெட்டியில் இரண்டும் ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, சில செயலிகளில் தான் அனுப்பிய மடலுக்குப் பதில் எழுதினால் பெறுநர் இடத்தில் தன் முகவரியே வந்து உட்கார்ந்துவிடும். திருத்தம் தனக்கே போய்விடாமல் அந்த வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பதில் எழுதும்போது முந்தைய இணைப்புகள் தாமாக உடன் வருவதில்லை. மாறாத கோப்பையும் மீண்டும் இணைக்க வேண்டியிருப்பது இதனால்தான். மூன்றாவது, பொருள் வரியை மாற்றினால் ஜிமெயில் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். ஆகவே பொருள் வரியைத் தொடாமல் விட்டு, திருத்தம் என்ற சொல்லை மடலின் முதல் வரியில் வைப்பது மேல். பெட்டியில் பட்டியலாகப் பார்க்கும்போது தெரியும் துண்டு வரியில் அந்தச் சொல்லும் வந்துவிடும். பொருள் வரியிலேயே தவறான பெயர் இருந்தால் மட்டும் புதிய மடல்தான் வழி. அதில் பழைய மடல் வந்த நேரத்தைக் குறிப்பிட வேண்டும்.

திருத்திய கோப்பின் பெயரும் முக்கியம். பழைய கோப்பின் பெயரையே புதியதற்கும் வைத்தால், பெறுபவரின் கணினியில் இரண்டும் ஒரே பெயரில் கிடக்கும். எது சரியானது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். விண்ணப்பிப்பவரின் பெயர், பதவி, திருத்தியது என்ற குறிப்பு மூன்றும் கோப்பின் பெயரில் இருந்தால் குழப்பம் வராது.

இணைப்பு விட்டுப்போன மடலுக்கு இதைவிடச் சுருக்கமான திருத்தம் போதும். முந்தைய மடலில் இணைப்பு விடுபட்டுவிட்டது, வருந்துகிறேன், இத்துடன் இணைத்துள்ளேன் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். வேறு கோப்பு போயிருந்தால் அது என்ன கோப்பு என்பதைப் பொறுத்தது. தன் பழைய தன்விவரக் குறிப்பு என்றால் மேலே சொன்ன மடலே போதும். பிறருடைய ஆதார் நகலோ சம்பளச் சீட்டோ போய்விட்டால், அதைத் திறக்காமல் அழித்துவிடும்படி தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அழித்ததை உறுதிப்படுத்தும்படியும் கேட்கலாம். ஆவணத்துக்கு உரியவரிடமும் சொல்லிவிட வேண்டும். அலுவலகக் கோப்பு வெளியே போயிருந்தால் மேலதிகாரியிடம் முதலில் சொல்வதே முறை. மன்னிப்பு மடலோடு முடிகிற விஷயம் அல்ல இது.

பிழை பல நாள் கழித்துத் தெரிந்தால் நிலைமை வேறு. நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு நிறுவனத்தின் பெயர்ப் பிழைக்காக மடல் அனுப்புவதில் பயன் இல்லை. அவர்கள் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம், கவனித்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம். திருத்திய கடிதத்தின் அச்சுப் பிரதியைக் கையில் கொண்டுபோனால் போதும். தொலைபேசி எண், மதிப்பெண், முந்தைய வேலையில் இருந்த காலம் போன்ற விவரங்கள் தவறியிருந்தால் அப்படி விட முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பில் வெளிவரும்போது அது பிழையாக அல்லாமல் பொய்யாகத் தெரியும். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அதை எழுதித் திருத்திவிட வேண்டும்.

திருத்த மடலை அனுப்பும் முன் ஒரு வேலை மீதம் இருக்கிறது. இணைத்த கோப்பைக் கோப்புறையில் பார்ப்பதோடு நில்லாமல், மடலில் இணைந்திருக்கும் நிலையிலேயே திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படிக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானாலும் பாதகமில்லை. ஒரு திருத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருத்தத்துக்கே திருத்தம் அனுப்பும் நிலை வந்தால், கணக்கர் வேலை கேட்பவருக்கு அதை விளக்குவது கடினம்.