கராம்பு எண்ணெய்: பல்லுக்கு மருந்து, முரசுக்கு நெருப்பு

நோர்வேயில் 18 வயது வரை பல் மருத்துவம் இலவசம். அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குச் சலுகை உண்டு. பின்னர், குறிப்பிட்ட சில நோய்நிலைகளைத் தவிர, பல்லுக்கான செலவை நாங்களே ஏற்க வேண்டும். இதனால் ட்வெய்ட்டாவின் மாடிக் குடியிருப்புகளிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழும் எங்கள் குடும்பங்களில், வெள்ளி இரவு பல்லுக்கொதி தொடங்கினால் பெரியவர்கள் முதலில் தேடுவது பல் வைத்தியரை அல்ல. குசினியில் இருக்கும் கராம்புப் போத்தலைத்தான்.

அதில் தவறில்லை. கராம்பு உண்மையிலேயே வலியைக் குறைக்கும். ஆனால் ஊரில் எங்கள் அம்மம்மாமார் பயன்படுத்தியது கராம்பு. இங்கே பலர் வாங்கி வைத்திருப்பது சிறிய கபில நிறப் போத்தலில் வரும் கராம்பு எண்ணெய். இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தாலும் ஒரே மருந்தல்ல. அந்த எண்ணெயைக் கலக்காமல் அப்படியே பூசியதால் முரசு வெந்து, பல்லுக்கொதியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்து அவதிப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

ஒரு துளிக்குள் எத்தனை கராம்பு?

கராம்பின் காரத்துக்கும் மணத்துக்கும் மரத்துப்போகச் செய்யும் குணத்துக்கும் காரணம் யூஜெனோல் என்ற பொருள். காய்ந்த கராம்பு மொட்டின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி, பொதுவாக 70 முதல் 90 வீதம் வரை, யூஜெனோல்தான்.

இதைக் குசினிக் கணக்கில் பார்ப்போம். ஒரு கராம்பின் எடை ஏறத்தாழ பத்தில் ஒரு கிராம். அதற்குள் இருக்கும் எண்ணெய் 15 முதல் 20 மில்லிகிராம். போத்தலிலிருந்து விழும் ஒரு துளி எண்ணெயின் எடை 35 முதல் 50 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரே துளியில் இரண்டு மூன்று கராம்புகளின் முழுச் சாரமும் இருக்கிறது. பஞ்சில் நாலைந்து துளி விட்டு முரசில் வைப்பவர், பத்துக்கு மேற்பட்ட கராம்புகளின் சாரத்தை ஒரே இடத்தில், ஒரே நொடியில் வைக்கிறார்.

முழுக் கராம்பைப் பல்லில் வைத்து அடக்கும்போது இப்படி நடப்பதில்லை. எண்ணெய் மொட்டின் நாருக்குள் அடைபட்டிருக்கிறது. மென்மையாகக் கடிக்கக் கடிக்க அது சிறிது சிறிதாக வெளியே வந்து உமிழ்நீரோடு கலந்து பரவுகிறது. காரம் கூடினால் நாக்கே சொல்லிவிடும், நாங்கள் துப்பிவிடுவோம். பழைய முறைக்குள் அளவும் எச்சரிக்கையும் தாமாகவே அமைந்திருந்தன. போத்தலில் அவை இல்லை.

ஏன் சுடுகிறது? ஏன் தெரிவதில்லை?

யூஜெனோல் நரம்பு வழியாக வலிச் செய்தி போவதைத் தடுக்கிறது. வீக்கத்தையும் வலியையும் தூண்டும் சில பொருட்கள் உடலில் உருவாவதையும் குறைக்கிறது. குறைந்த அளவில் இது நன்மை. அளவு கூடும்போது அதே பொருள் உயிரணுக்களின் மேற்சவ்வைக் குலைத்து, உள்ளிருக்கும் புரதத்தையும் கெடுக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதுபோல முரசின் மேற்தோல் வெளுத்துப்போகிறது. பல்லின் எனாமல் கல் போன்றது, தாங்கும். முரசும் கன்னத்தின் உட்புறமும் நாக்கும் மெல்லிய ஈரத்தோல், தாங்காது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது இன்னொரு சிக்கல். வாயைக் கொப்பளித்தாலும் அது பட்ட இடத்திலேயே ஒட்டி நிற்கும்.

இதிலெல்லாம் மோசமானது, எண்ணெய் தான் சுடுவதைத் தானே மறைத்துவிடுவது. முதல் சில நொடிகள் எரியும். பிறகு இடம் மரத்துப்போகும். "எரிவு போய்விட்டது, வேலை செய்கிறது" என்று நினைத்து ஒரு மணி நேரத்தில் மீண்டும் பூசுவோம். இரவில் மூன்று நான்கு தடவை பூசிய பின்னர், விடிந்து மரப்பு நீங்கும்போதுதான் புண் தெரியும். முரசில் வெள்ளைத் திட்டு, அது உரிந்த இடத்தில் சிவந்த புண், உப்போ உறைப்போ பட்டால் தாங்க முடியாத எரிவு. இவைதான் அடையாளங்கள். எண்ணெயை நிறுத்தினால் இத்தகைய புண் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சில பாதிப்புகள் ஆறுவதுமில்லை. 1983ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சம்பவம் பதிவானது. 24 வயதுப் பெண் ஒருவர் பல்வலிக்காகக் கராம்பு எண்ணெயைப் பயன்படுத்தும்போது சிறிதளவு முகத்தில் சிந்திவிட்டது. எண்ணெய் பட்ட கன்னப் பகுதியில் உணர்ச்சி நிரந்தரமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் வியர்வையும் வராமல் போனது. வலியை மரக்கச் செய்யும் அதே குணம், அளவு மீறியபோது நரம்பையே கெடுத்துவிட்டது.

பல் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்களே?

பல் வைத்தியரின் அறைக்குள் நுழைந்ததும் வரும் அந்தக் கராம்பு வாசம் உண்மையில் யூஜெனோலின் வாசம்தான். யூஜெனோலை துத்தநாக ஒட்சைட்டுத் தூளுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லடைக்கும் முறை மிகப் பழையது. அந்தப் பசை இறுகும்போது யூஜெனோலின் பெரும்பகுதி உள்ளே கட்டுண்டுவிடுகிறது. அதிலிருந்து மிகச் சிறிதளவே பல்லின் உட்படை வழியாக மெல்ல நரம்பை நோக்கிக் கசிகிறது. திறந்து கிடக்கும் உயிருள்ள நரம்பின் மேல் அதை நேரடியாக வைப்பதைப் பல் வைத்தியர்கள் தவிர்க்கிறார்கள். அவர்களும் எங்கள் அம்மம்மாமாரும் செய்தது ஒன்றுதான்: கொஞ்சமாக, மெல்ல மெல்லக் கொடுத்தல்.

குவைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் சுத்த எண்ணெய் பயன்படுத்தப்படவில்லை. அரைத்த கராம்பைக் கிளிசரினில் குழைத்து, 73 பேரின் முரசில் ஊசி போடுவதற்கு முன் பூசிப் பார்த்தார்கள். ஊசி குத்தும் வலியை அது, மரக்கச் செய்யும் மருந்தான பென்சோகெயின் அளவுக்கே குறைத்தது. கராம்பு வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று. அதற்குச் சுத்த எண்ணெய் தேவையில்லை என்பதற்கும் இதுவே சான்று.

வீட்டில் செய்யக்கூடியது

முதல் தெரிவு முழுக் கராம்பு. ஒரு கராம்பை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, வலிக்கும் பல்லின் மேல் வைத்து மெதுவாகக் கடித்துப் பத்து நிமிடம் வைத்திருக்கலாம். பிறகு துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும். அதை வாயில் வைத்தபடி உறங்கக் கூடாது. தொண்டையில் சிக்கலாம். ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருந்தால் முழுக் கராம்பும் முரசைப் புண்ணாக்கும்.

எண்ணெய்தான் இருக்கிறதென்றால் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தேங்காய் எண்ணெய் அல்லது ஒலிவ் எண்ணெயில் ஒரு துளி, மிஞ்சினால் இரண்டு துளி. இது ஏறத்தாழ ஒன்று இரண்டு வீதக் கலவை. தண்ணீரில் கலப்பது கலப்பதாகாது. துளி கரையாமல் தனியாக நின்று, வாயில் பட்ட இடத்தில் முழுக் காரத்தோடு ஒட்டும். கலவையில் பஞ்சு முனையைத் தோய்த்து, பிழிந்து, சூத்தைக் குழிக்குள் மட்டும் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். முரசில் தேய்க்க வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். ஓரிரு நாளுக்கு மேலும் வேண்டாம். வாங்கிய எண்ணெய் வாசனைக்காக விற்கப்படுவதா என்று போத்தலைப் பாருங்கள். அப்படியானால் அதை வாயில் வைக்கவே வேண்டாம்.

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கராம்பு ஒவ்வாதவர்களும் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும். பல் பிடுங்கிய குழியில் நாங்களாக எதையும் வைக்கக் கூடாது. பனடோல் அல்லது அஸ்பிரின் குளிசையை நசுக்கி முரசில் வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அஸ்பிரினும் முரசைச் சுட்டுவிடும். குளிசை விழுங்குவதற்குரியது. மருந்தகத்தில் கிடைக்கும் பரசெத் போன்ற வலி நிவாரணியைப் பெட்டியில் எழுதியுள்ள அளவில் விழுங்குவது, எந்த எண்ணெயையும் விடப் பாதுகாப்பானது.

முரசு ஏற்கெனவே எரிந்துவிட்டால், முதலில் சமையல் எண்ணெயில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்து எடுங்கள். எண்ணெயை எண்ணெய்தான் இழுக்கும். அதன் பிறகு தண்ணீரால் பலமுறை கொப்பளியுங்கள். புண் ஆறும் வரை உறைப்பும் புளிப்பும் சூடானவையும் வேண்டாம்.

குழந்தைகள் உள்ள வீடுகளில்

குழந்தைகளின் பல்லுக்கும், பல் முளைக்கும் முரசுக்கும் கராம்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிரித்தானியாவில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 5 முதல் 10 மில்லிலீற்றர் வரை கராம்பு எண்ணெய் குடித்து மயக்க நிலைக்குப் போனான். வலிப்பு வந்தது, ஈரல் பாதிக்கப்பட்டது, இரத்தம் உறையும் தன்மை குலைந்தது. மரணத்தின் வாசல் வரை சென்று மீண்ட அவனது கதை 1993இல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த அளவு வெறும் ஒன்று இரண்டு தேக்கரண்டிதான். சாதாரணச் சிறிய போத்தல் ஒன்றில் அவ்வளவு இருக்கும். எனவே போத்தலைப் பூட்டி வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே நோர்வேயின் நச்சுத் தகவல் சேவையை 22 59 13 00 என்ற இலக்கத்தில் அழையுங்கள். அது இரவு பகலாக இயங்குகிறது. மயக்கமோ வலிப்போ இருந்தால் 113.

கராம்பு நிற்க வேண்டிய இடம்

கராம்பு வலியை மரக்கச் செய்யும். சூத்தையை மூடாது, சீழை வற்றச் செய்யாது. பல நாள் கொதித்த பல் திடீரென்று அமைதியானால், அது குணமானதாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். கிருமி வேரின் அடியில் மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். முகம் வீங்குதல், காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை ஆகியவை தெரிந்தால் அன்றே 116117 இலக்கத்தில் அவசர வைத்திய சேவையை அழைக்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமானால் 113.

மற்ற வேளைகளில், ஒஸ்லோவில் மாலையிலும் வார இறுதியிலும் இயங்கும் அவசரப் பல் மருத்துவ சேவை இருக்கிறது. பணம்தான் தடை என்றால், அவசர பல் சிகிச்சைக்குச் சமூக உதவி கோரி நாவ் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பல்லுக்கொதி என்றால் பொதுப் பல் மருத்துவ நிலையம் இலவசமாகப் பார்க்கும். அங்கே வீட்டு வைத்தியத்துக்குக் காரணமே இல்லை.

வைத்தியரின் கதிரையில் அமர்ந்ததும் கராம்பு எண்ணெய் பூசியதைச் சொல்லிவிடுங்கள். குழிக்குள் தங்கியிருக்கும் யூஜெனோல், இப்போது வழக்கமாக வைக்கும் வெள்ளை நிற அடைப்பைச் சரியாக இறுகவிடாது. அது தெரிந்தால் அவர் முதலில் குழியை நன்கு துப்பரவு செய்துவிட்டுப் பல்லை அடைப்பார்.