திறக்காத மடிக்கணினி

புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, விடுதி மாணவி ஒருவரின் மடிக்கணினித் திரையில் `No bootable device` என்ற வரி மட்டுமே நின்றது. வட்டே போய்விட்டது என்று அவர் கலங்கினார். அறைத்தோழி F2 விசையை அழுத்தி பயாஸைத் திறந்தார்; அங்கே வட்டின் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்தால் பெரும்பாலும் வட்டுக்கு உயிர் இருக்கிறது, கெட்டது விண்டோஸைத் தொடக்கும் கோப்புகள்தான்.

அந்த நேரத்தில் விண்டோஸை மறுபடி நிறுவுவதுதான் பெரிய ஆபத்து, கோப்புகள் அழிந்துவிடலாம். தோழி தன் கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை எழுதி, பழுதான கணினியை அதிலிருந்து இயக்கி, `Try Ubuntu` என்பதைத் தேர்ந்தெடுத்தார். வட்டு திறந்தது. புராஜெக்ட் கோப்புறை இன்னொரு பென்டிரைவுக்கு நகலானது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் இது நடந்திருக்காது.